டிக்கெட்டில் 20-ஆம் தேதி, ஏர்போர்ட்டில் 19-ஆம் தேதி ராத்திரி

தக்கலையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் முதன்முறையாக விமானம் ஏறப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் அறுபது வயது பக்கம். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் நாலு பேரோடு ஒரே அறையில் இருப்பதால் அப்பா அம்மாவுக்கு நாலு ராத்திரிக்கு ஹோட்டல் போட்டிருக்கிறான். விசா வந்தாயிற்று. மகன் போனில் அனுப்பிய டிக்கெட்டைத் திறந்தால் இப்படித் தெரிகிறது:

```
TRV 19:10  14 Thu  Terminal 1
MAA 20:40  14 Thu
    3h 35m layover
MAA 00:15  15 Fri  Terminal 2
SIN 07:00  15 Fri
```

ஐந்தே வரிதான். ஆனால் குமரி மாவட்டத்திலிருந்து முதல் தடவை போகிறவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இந்த ஐந்து வரிக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் வரிவரியாகவே போவோம்.

TRV என்றால் திருவனந்தபுரம், MAA என்றால் சென்னை, SIN என்றால் சிங்கப்பூர். ஒவ்வொரு ஊர் விமான நிலையத்துக்கும் இப்படி மூன்றெழுத்துக் குறி உண்டு. சென்னைக்கு ஏன் MAA என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம், மெட்ராஸ் காலத்துக் குறி அப்படியே நின்றுவிட்டது. இந்த மூன்றையும் மனதில் பதித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பெட்டியில் ஒட்டும் சீட்டில் ஊர்ப் பெயர் பெரிதாக இருக்காது, இந்த எழுத்துதான் பெரிதாக இருக்கும்.

அடுத்தது மணி. ரயில் டிக்கெட்டில் பார்த்த 24 மணிக் கணக்குதான், 19:10 என்றால் ராத்திரி ஏழு பத்து. போட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஏழு என்றால் நம் ஊரில் நாலரை. ஆக 00:15-க்குக் கிளம்பி 07:00-க்கு இறங்குவதைப் பார்த்து ஆறே முக்கால் மணி நேரப் பயணம் என்று நினைக்க வேண்டாம், வானத்தில் இருப்பது நாலே கால் மணி நேரம்தான்.

இனி டெர்மினல். நம் மாவட்டத்துக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. திருவனந்தபுரத்தில் இரண்டு டெர்மினல்கள் ஓடுபாதைக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்றாக இருக்கின்றன. டெர்மினல் 1 கடற்கரைப் பக்கம், சங்குமுகத்தில். டெர்மினல் 2 சாக்கைப் பக்கம். ஒன்றில் இறங்கி மற்றதற்கு நடந்துவிட முடியாது, வெளியே வந்து வண்டி பிடித்துச் சுற்றிப் போக வேண்டும். வளைகுடாவுக்கு ஆள் ஏற்றி இறக்கியே பழகிய நம் ஊர் டிரைவர், "சிங்கப்பூர்" என்று காதில் விழுந்ததும் நேரே சாக்கைக்குத்தான் திருப்புவார். வெளிநாட்டு விமானம் அங்கேதானே என்பது அவர் கணக்கு. ஆனால் இந்தத் தம்பதியின் முதல் விமானம் சென்னைக்குப் போகும் உள்நாட்டு விமானம், டிக்கெட்டில் டெர்மினல் 1 என்று இருக்கிறது. ஆக வண்டி சங்குமுகம் போக வேண்டும். சில விமானங்கள் உள்நாட்டுப் பயணத்துக்கும் டெர்மினல் 2-ஐப் பயன்படுத்துவதுண்டு. அதனால் யாருடைய பழக்கத்தையும் நம்பாமல் டிக்கெட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும். முந்தின நாள் டிக்கெட்டை இன்னொரு தடவை திறந்து பார்த்துக்கொள்வதும் நல்லது, டெர்மினல் மாறுவதுண்டு.

வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது? 19:10 என்பது விமானம் நகரும் நேரம், நாம் போய்ச் சேர வேண்டிய நேரம் அல்ல. உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள். ஆனால் இந்தத் தம்பதிக்கு முதல் கவுண்டரிலேயே சிங்கப்பூர் விசா, பாஸ்போர்ட் எல்லாம் பார்ப்பார்கள், நேரம் பிடிக்கும். ஆகவே 16:40-க்கு டெர்மினல் வாசலில் இருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தக்கலையிலிருந்து தூரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர்தான், ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று மூன்று இடத்தில் வண்டி ஊரும். சாயங்கால நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நாகர்கோவில்காரர்கள் இன்னும் அரை மணி நேரம் முன்னால்.

டிக்கெட்டின் மேல் மூலையில் PNR என்று ஆறு எழுத்து இருக்கும். ரயில் PNR பத்து இலக்க எண், இது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறே ஆறு. விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இந்த ஆறெழுத்தையும் கடைசிப் பெயரையும் போட்டால் உங்கள் பயணம் திறக்க வேண்டும். ஏஜெண்டிடம் எடுத்த டிக்கெட் உண்மையிலேயே உறுதியாகியிருக்கிறதா என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்வது. ஏஜெண்ட் அனுப்பும் பேப்பரில் அவருடைய புக்கிங் எண் ஒன்று தனியாக இருக்கும், விமானத் தளத்தில் அது வேலை செய்யாது. ஆறெழுத்து இல்லாமல் ஒரு பேப்பர் வந்தால் பணம் முழுதாகக் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் "செல்வராஜ் பி" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் முழுதாக இருக்கும், வங்கியில் மூன்றாவது மாதிரி இருக்கும். விமான டிக்கெட்டுக்கு, அதிலும் வெளிநாடு போகும் டிக்கெட்டுக்கு, பாஸ்போர்ட்டில் இருப்பது மட்டும்தான் கணக்கு. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். முதல் வரி இந்த மாதிரித் தொடங்கும்:

```
P<INDPONNAIAH<<SELVARAJ<<<<
```

IND-க்குப் பிறகு இரட்டை அம்புக்குறி வரை இருப்பது சர்நேம், அதற்கு அடுத்தது சொந்தப் பெயர். புக்கிங் கட்டத்தில் Last Name என்ற இடத்தில் PONNAIAH, First Name என்ற இடத்தில் SELVARAJ. அப்பா பெயர் எப்படி கடைசிப் பெயராகும் என்று யோசித்து மாற்றிப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஓரிரு எழுத்துப் பிழையைப் பெரும்பாலும் திருத்திக் கொடுப்பார்கள். ஆனால் பெயரே வேறாக இருந்தால் டிக்கெட்டைப் புதிதாக எடுக்கும்படி ஆகலாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் எப்படிப் போடுவது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்திடமே கேட்டுவிட வேண்டும். விசாவில் இருக்கும் பெயரும் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

இனி செக்-இன். இந்த ஒரு சொல் பயணத்தில் மூன்று இடத்தில் வருகிறது, மூன்றுக்கும் பொருள் வேறு. வெப் செக்-இன் என்பது "நான் வருகிறேன்" என்று முன்கூட்டியே போனில் பதிவு செய்வது. நிறுவனத்தைப் பொறுத்து ஒரு நாள், இரண்டு நாள் முன்பிருந்தே செய்யலாம். அப்போது சீட்டுப் படம் வரும், ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விலை இருக்கும். ஜன்னலோரம்தான் வேண்டும், இருவரும் சேர்ந்துதான் உட்கார வேண்டும் என்பவர்கள் காசு கொடுத்து எடுக்கலாம். இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம், கவுண்டரில் ஏதோ ஒரு சீட் காசில்லாமல் கிடைக்கும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவருக்குச் சீட் கட்டாயம் உண்டு, தனியாக வாங்கினால்தான் உட்கார முடியும் என்பதில்லை. வெப் செக்-இன் முடித்தாலும் இந்தத் தம்பதி கவுண்டருக்குப் போயே ஆக வேண்டும். பெட்டி போட வேண்டும், விசாவைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, கவுண்டர் செக்-இன். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் மத்தியப் பாதுகாப்புப் படைக்காரரிடம் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி உள்ளே போனதும் நேரே போவது இங்கேதான். வழியனுப்ப வந்தவர்கள் அந்த வாசலோடு சரி. கவுண்டரில் பெட்டியைத் தராசில் வைப்பார்கள். கையில் எடுத்துப் போகும் பைக்கு வழக்கமாக 7 கிலோ, போடும் பெட்டிக்கு எத்தனை கிலோ என்பது டிக்கெட்டில் இருக்கும். நம் ஊர் அம்மாக்களின் பெட்டி எப்படி நிறையும் என்று தெரியும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, நேந்திரங்காய் சிப்ஸ், வீட்டில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், மீன் ஊறுகாய். எண்ணெயும் ஊறுகாயும் போடும் பெட்டிக்குள் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் சென்னைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேலான பாத்திரத்தில் திரவம் எதுவும் கையோடு போகாது. பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காயை எதிலும் வைக்காதீர்கள், எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானங்கள் அதை ஏற்பதில்லை. வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதை வீட்டிலேயே விட்டுப் போக வேண்டும், மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை.

பெட்டியின் கைப்பிடியில் ஒரு நீளச் சீட்டைச் சுற்றி ஒட்டுவார்கள். அதன் துண்டு ஒன்றை உங்கள் பாஸ்போர்ட்டிலோ போர்டிங் பாஸின் பின்பக்கத்திலோ ஒட்டித் தருவார்கள். அந்தத் துண்டை அங்கேயே, கவுண்டரை விட்டு நகராமல் வாசிக்க வேண்டும். பெரிதாக SIN என்று இருந்தால் பெட்டி நேரே சிங்கப்பூர் போகிறது, சென்னையில் நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். MAA என்று மட்டும் இருந்தால் சென்னையில் இறங்கி உருளும் பெல்ட்டிலிருந்து நீங்களே எடுத்து மறுபடியும் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் "பேக் சென்னையில எடுக்கணுமா?" என்று ஒரு கேள்வி. தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் திருவனந்தபுரத்தில் புரியும். அந்தத் துண்டில் பத்து இலக்க எண் ஒன்றும் இருக்கும். பெட்டி வராமல் போனால் தேடுவதற்கு அந்த எண்தான் பிடி. பெட்டியைக் கையில் வாங்கும் வரை துண்டைக் கிழிக்காதீர்கள்.

கவுண்டரிலிருந்து போர்டிங் பாஸ் கையில் வரும். டிக்கெட் என்பது பணம் கட்டியதற்குச் சான்று, போர்டிங் பாஸ் என்பது விமானத்துக்குள் ஏற அனுமதிச் சீட்டு. இரண்டு விமானம் என்பதால் ஆளுக்கு இரண்டு பாஸ். முதல் பாஸில் போர்டிங் 18:25 என்று இருக்கும், புறப்பாடு 19:10. பார்க்க வேண்டியது முதல் எண். 18:25-க்கு ஏற்றத் தொடங்குவார்கள், பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பு, அதாவது 18:45-க்குக் கேட்டை மூடிவிடும். விமானம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கும், ஏற விடமாட்டார்கள். பாத்ரூமில் இருந்தோம், டீ குடித்துக்கொண்டிருந்தோம் என்ற கெஞ்சல் எடுபடாது. இரண்டாவது பாஸில் கேட் எண் பெரும்பாலும் காலியாக இருக்கும். அது தவறு இல்லை, சென்னையில் டிவி பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நடுவில் இருக்கும் அந்த ஒற்றை வரிக்கு வருவோம்: 3h 35m layover. ஒரு விமானத்தில் இறங்கி அடுத்த விமானம் ஏறும்வரை நடுவழியில் காத்திருக்கும் நேரம் லேஓவர். வெளிநாட்டுப் பயணத்தில் காத்திருப்பு 24 மணி நேரத்தைத் தாண்டினால் அதை ஸ்டாப்ஓவர் என்பார்கள். இதெல்லாம் சொல் விளக்கம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இரண்டு விமானமும் ஒரே PNR-இல் இருக்கின்றனவா, தனித்தனி PNR-களா?

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதே விமானங்கள், அதே நேரம். புக்கிங் தளங்கள் சில சமயம் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து, விலை குறைவாக, ஒரே பயணம்போலக் காட்டும். கண்ணில் படும்படியும் படாதபடியும் self transfer என்ற சொல் ஓரமாக இருக்கும். இடையில் மாறுவது உன் பொறுப்பு என்பதுதான் அதன் அர்த்தம். டிக்கெட் கைக்கு வந்தபின் ஆறெழுத்து ஒன்றா இரண்டா என்று எண்ணினால் தெரிந்துவிடும்.

ஒரே PNR என்றால், திருவனந்தபுரத்து விமானம் இரண்டரை மணி நேரம் தாமதமாகி சென்னையில் 23:10-க்கு இறங்கினாலும், சிங்கப்பூர் விமானம் தவறினால் அடுத்ததில் இடம் போட்டுக் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. உள்நாட்டுத் துண்டுக்கும் பொதுவாக வெளிநாட்டுப் பயணத்தின் எடை அளவே செல்லும்.

தனித்தனி PNR என்றால் அதே தாமதத்தில் கதை வேறு. 23:10-க்கு இறங்கி, பெல்ட்டில் பெட்டிக்காக அரை மணி நேரம் நின்று, வெளியே வந்து, வெளிநாட்டு டெர்மினலுக்கு நடந்து, கவுண்டருக்குப் போனால் நள்ளிரவு ஆகிவிடும். வெளிநாட்டு விமானத்துக்கான கவுண்டர் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே, 23:15-க்கே மூடியாயிற்று. சிங்கப்பூர் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவர்கள் பாஷையில் நோ-ஷோ. பணம் பெரும்பாலும் போனதுதான். முதல் விமானம் தாமதமானது அவர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அதோடு இன்னொரு அடியும் உண்டு. தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்கு வழக்கமாக 15 கிலோதான். சிங்கப்பூர் டிக்கெட்டில் 25 கிலோ என்று பார்த்துவிட்டு முந்திரிக்கொத்தை நிறைத்துக்கொண்டு வந்தவர், திருவனந்தபுரத்தில் 10 கிலோவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். இரண்டு மூன்றாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் இதில் கூடவே போய்விடும். முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் வயதானவர்களுக்கு, தனித்தனி PNR எடுத்துக் கொடுக்கவே கூடாது என்பேன். வேறு வழியில்லை என்றால் நடுவில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும்.

நம் தம்பதியுடையது ஒரே PNR, பெட்டிச் சீட்டில் SIN. சென்னையில் இறங்கியதும் கூட்டம் போகும் திசையிலேயே போகாமல் Transfer என்ற பலகையைத் தேட வேண்டும், தெரியாவிட்டால் விமான நிறுவனத்துச் சீருடையில் இருப்பவரிடம் இரண்டாவது போர்டிங் பாஸை நீட்டினால் போதும். சென்னையில் உள்நாட்டு டெர்மினலும் வெளிநாட்டு டெர்மினலும் ஒரே வளாகத்தில்தான், நடந்தே போகலாம். தள்ளுவண்டி வேண்டுமென்றால், அதாவது சக்கர நாற்காலி, டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் ஒரு ஆள் கூடவே வந்து எல்லா வரிசையும் தாண்டிவிடுவார். முட்டிவலி உள்ளவர்கள் வெட்கப்படாமல் கேட்கலாம், இந்த உதவிக்கு நம் ஊர் விமானங்களில் பொதுவாகத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

குடியேற்றச் சோதனை, அதாவது இமிக்ரேஷன், சென்னையில்தான் நடக்கும். நாட்டை விட்டு வெளியேறும் கடைசி ஊரில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் என்பது முறை. அதனால் திருவனந்தபுரத்தில் முத்திரை விழவில்லையே என்று பதற வேண்டாம். அதற்குப் பிறகு பாதுகாப்புச் சோதனை, பிறகு கேட். 3 மணி 35 நிமிடத்தில் இந்த வரிசைகளுக்கு ஒன்றரை மணி நேரம் போனாலும் சாப்பிட்டு உட்கார நேரம் இருக்கும்.

கிளம்புவதற்கு முன்பே முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில் இதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. அதில் தங்குமிட முகவரி கேட்பார்கள், அதற்குத்தான் ஹோட்டல் புக்கிங் பேப்பரைக் கையில் வைத்திருப்பது.

ஹோட்டலில் வருவது மூன்றாவது செக்-இன். மகன் போட்டிருக்கும் புக்கிங்கில் Check-in 15 Fri, 15:00 என்றும் Check-out 19 Tue, 12:00 என்றும் இருக்கிறது. முதல் 15 தேதி, பின்னால் வரும் 15:00 மதியம் மூன்று மணி, இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விமானம் காலை ஏழுக்கு இறங்குகிறது. எல்லாம் முடிந்து ஒன்பது மணிக்கு ஹோட்டல் வாசலில் நின்றால் அறை இருக்காது. முந்தின நாள் ஆள் மதியம் பன்னிரண்டுக்குத்தான் காலி செய்வார், அதற்குப் பிறகு சுத்தம் செய்து மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்த அறுபது வயதுக்காரர்களுக்கு இந்த ஆறு மணி நேரம் பெரிய பாடு.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பெட்டியை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு வெளியே போய்விடுவது, பெரும்பாலான ஹோட்டல்கள் இதற்குக் காசு கேட்பதில்லை. முன்னதாக அறை கிடைக்குமா என்று எர்லி செக்-இன் கேட்டும் பார்க்கலாம், அன்று காலி அறை இருந்தால் கொடுப்பார்கள், சில இடத்தில் கட்டணம் உண்டு. வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, 14-ஆம் தேதியிலிருந்தே அறை போடுவது. ஒரு ராத்திரி வாடகை கூடுதல், ஆனால் காலை ஒன்பதுக்குப் போனதும் படுத்துவிடலாம். இப்படிப் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. 15-ஆம் தேதி காலையில்தான் வருவோம் என்று ஹோட்டலுக்கு எழுதி, பதில் வாங்கி வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் 14-ஆம் தேதி ராத்திரி ஆள் வரவில்லை என்று இங்கேயும் நோ-ஷோ போட்டு, மீதி நாலு ராத்திரியையும் சேர்த்து ரத்து செய்துவிட வாய்ப்புண்டு.

வரவேற்பறையில் கார்டு கேட்டால் பயப்பட வேண்டாம், டெபாசிட்டாக ஒரு தொகையைப் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பும்போது விடுவிப்பார்கள். கார்டு இல்லாத பெற்றோரோடு மகன் போய் நிற்பது நல்லது.

தலைப்பில் சொன்ன விஷயம் திரும்பும் டிக்கெட்டில் இருக்கிறது:

```
SIN 00:40  20 Wed
MAA 02:25  20 Wed
    3h 40m layover
MAA 06:05  20 Wed
TRV 07:30  20 Wed  Terminal 1
```

20-ஆம் தேதி புதன்கிழமை விமானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏர்போர்ட் போனால் விமானம் போய் ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். 00:40 என்பது செவ்வாய் ராத்திரி பன்னிரண்டைத் தாண்டி நாற்பதாவது நிமிடம். செவ்வாய்க்கிழமை, 19-ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். படித்தவர்கள், பலமுறை பறந்தவர்களும் இதில் தவறுகிறார்கள். நம் பேச்சில் விடிந்தால்தான் அடுத்த நாள், டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு அடித்தாலே அடுத்த நாள். காலண்டரில் எழுதும்போது "20 புதன் விமானம்" என்று எழுதாமல் "19 செவ்வாய் ராத்திரி 9:30 ஏர்போர்ட்" என்று எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை. நள்ளிரவுக்கும் காலை மூன்றுக்கும் நடுவில் நேரம் போட்ட எந்த டிக்கெட்டுக்கும் இதே கணக்குதான்.

ஹோட்டலை 19-ஆம் தேதி பன்னிரண்டு மணிக்குக் காலி செய்துவிட்டு ராத்திரி வரை பெட்டியை அங்கேயே வைத்திருக்கச் சொல்லலாம். குளிக்க அறை வேண்டும் என்றால் லேட் செக்-அவுட் கேட்க வேண்டும், அதற்கும் காசு கேட்கலாம்.

திரும்பும்போது சென்னையில் பழைய முறை செல்லாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷனையும் சுங்கச் சோதனையையும் முடிக்க வேண்டும். ஆகவே பெட்டிச் சீட்டில் TRV என்றே இருந்தாலும், பொதுவாகச் சென்னையில் பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, அங்கே இருக்கும் டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் மறுபடியும் கொடுக்க வேண்டும். போகும்போது பெட்டி தானே போனதே என்று நினைத்து வெறுங்கையோடு உள்நாட்டு டெர்மினலுக்கு நடந்துவிடுகிறவர்களின் பெட்டி சென்னையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் பெட்டி போடும்போதே இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. காலை இரண்டரை மணிக்கு அரைத் தூக்கத்தில் ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும் என்பதால், கைப்பிடியில் சிவப்பு ரிப்பனோ பழைய சேலைக் கிழிசலோ கட்டி வைத்தால் கண்ணில் படும்.

கூட்டிப்போக வரும் தக்கலை வண்டிக்காரருக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் இறங்குவது உள்நாட்டு விமானத்தில், டெர்மினல் 1, சங்குமுகம் பக்கம். இல்லையென்றால் அவர் சாக்கையில் நிற்பார், இவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.